மேடு, பள்ளம், மூடுபனி: அல்டர்னேட்டர் எப்படி ஒரே 14 வோல்ட்டைத் தருகிறது?

அட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்குப் போகிற வேன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் எஞ்சின் முக்கி முனகி ஏறும். சந்தியில் வாகனங்கள் நெரிந்து நின்றால் வெறுமனே ஓடிக்கொண்டு நிற்கும். மறுபக்கம் றம்பொடைப் பள்ளத்தில் இறங்கும்போது, பிரேக் சூடாகாமல் இருக்க கியரைக் குறைத்துவிட்டால் எஞ்சின் வேகமாகச் சுழலும். ஒரே பயணத்துக்குள் எஞ்சினின் கதி நான்கு மடங்குக்கு மேல் மாறுகிறது. ஆனால் பெட்டரிக்கு வேண்டியதோ கிட்டத்தட்ட மாறாத ஒரே வோல்ட்டளவு, 14க்குச் சற்று மேல். அதிலும் ஒரே திசையில் ஓடுகிற மின்னோட்டம்.

எஞ்சினால் சுழன்று வாகனத்துக்கு மின்சாரம் தருகிற அல்டர்னேட்டர் இந்த இரண்டையும் எப்படிச் செய்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். திசையைச் சரிசெய்வது டயோட்கள். அளவைப் பிடித்து வைப்பது ரெகுலேட்டர். இரண்டும் அந்தச் சின்ன அலுமினியக் கூட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

சுழல்வது காந்தம், மின்சாரம் வருவது சுற்றியுள்ள சுருளில்

பள்ளிக்கூடத்தில் படித்த மின்காந்தத் தூண்டல்தான் அடிப்படை. ஒரு கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தப் புலம் மாறிக்கொண்டே இருந்தால் அந்தச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். புலம் எவ்வளவு வலிமையோ, எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, அவ்வளவுக்கு அழுத்தம் கூடும். இந்த இரண்டு காரணங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரின் வேலை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அல்டர்னேட்டரின் நடுவில் சுழல்கிற பாகம் ரோட்டர். அதன் அச்சில் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அந்தச் சுருளை இரண்டு பக்கமிருந்தும் இரும்பு நகங்கள் கவ்விப் பிடித்திருக்கும். ஒரு பக்கத்தில் ஆறு நகம், மறுபக்கத்தில் ஆறு நகம், ஒன்றன் இடைவெளியில் மற்றது. சுருளுக்குள் மின்னோட்டம் போனவுடன் ஒரு பக்க நகங்கள் எல்லாம் வடமுனையாகவும், மறுபக்க நகங்கள் தென்முனையாகவும் மாறிவிடும். அதாவது இது நிரந்தரக் காந்தம் இல்லை, மின்காந்தம். சுருளுக்கு மின்சாரம் கொண்டு போவது இரண்டு சிறிய கார்பன் துண்டுகள். அச்சோடு சேர்ந்து சுழலும் இரண்டு செப்பு வளையங்களில் அவை உரசிக்கொண்டிருக்கும்.

ரோட்டரைச் சுற்றி அசையாமல் இருப்பது ஸ்டேட்டர். தகடு தகடாக அடுக்கிய இரும்பு வளையத்தில் தடித்த செப்புக் கம்பி மூன்று தொகுதிகளாகச் சுற்றப்பட்டிருக்கும். வெளியே வருகிற மின்சாரம் முழுவதும் பிறப்பது இங்கேதான்.

நம் பக்கத்து நீர்மின் நிலையங்களிலும் இதே அமைப்புத்தான். காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து இறங்குகிற தண்ணீர் நோர்ட்டன் பிரிட்ஜில் சுழற்றுவதும் மின்காந்த ரோட்டரைத்தான். சுற்றியுள்ள மூன்று தொகுதிச் சுருள்களிலிருந்துதான் அங்கும் மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே தண்ணீரின் அளவைக் கூட்டிக் குறைத்து சுழலும் கதியை மாறாமல் வைத்திருப்பார்கள், அதனால் நமக்கு எப்போதும் 50 ஹேர்ட்ஸ் வருகிறது. வாகனத்தில் அது முடியாது. எஞ்சின் வேகத்தை ரோடு தீர்மானிக்கிறது, அல்டர்னேட்டர் அதற்கு இசைந்து போகத்தான் வேண்டும்.

ஆறு டயோட்களின் வேலை

ரோட்டர் சுழலும்போது ஒரு சுருளுக்கு முன்னால் வடமுனை வரும், அடுத்து தென்முனை வரும், பிறகு மறுபடி வடமுனை. அதனால் சுருளில் வருகிற மின்னோட்டமும் ஒருமுறை இந்தப் பக்கம், மறுமுறை அந்தப் பக்கம் என்று திசை மாறிக்கொண்டே இருக்கும். இதுதான் ஆடலோட்டம். ஆறு சோடி முனைகள் இருப்பதால் ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இந்த மாற்றம் ஆறு முழுத் தடவை நடந்து முடிகிறது.

எவ்வளவு வேகம் என்று கணக்குப் பார்ப்போம். எஞ்சினில் பெல்ட் ஓடுகிற கப்பி 150 மில்லிமீற்றர் விட்டம், அதே பெல்ட் சுழற்றுகிற அல்டர்னேட்டர் கப்பி 60 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது அல்டர்னேட்டர் இரண்டரைச் சுற்றுச் சுற்றும். நின்றபடி ஓடுகிற எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் ரோட்டர் 1875 சுற்று. அப்போது ஆடலோட்டத்தின் மீடிறன் ஏறத்தாழ 187 ஹேர்ட்ஸ். பள்ளத்தில் எஞ்சின் 3000 சுற்றுக்குப் போனால் ரோட்டர் 7500 சுற்று, மீடிறன் 750 ஹேர்ட்ஸ்.

இப்படி முன்னும் பின்னும் ஆடுகிற மின்னோட்டத்தை பெட்டரி ஏற்காது. பாதி நேரம் சார்ஜ் ஏற்றினால் மீதிப் பாதி நேரம் அதையே திருப்பி எடுத்துவிடும். நேரோட்டமாக மாற்றினால்தான் பெட்டரிக்குப் பயன்.

டயோட் என்பது ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு மாதிரி. மின்னோட்டம் சரியான திசையில் வந்தால் திறக்கும், எதிர்த்திசையில் வந்தால் அடைத்துக்கொள்ளும். அல்டர்னேட்டரின் பின்பக்கத்தில் இரண்டு அலுமினியத் தகடுகளில் இப்படி ஆறு டயோட்கள் பதிக்கப்பட்டிருக்கும். மூன்று சுருள் தொகுதிகளுக்கும் தலா இரண்டு. ஒன்று பெட்டரியின் நேர் முனைக்குப் போகிற வழியில், மற்றது வாகன உடலிலிருந்து திரும்பி வருகிற வழியில்.

எந்த ஒரு கணத்தை எடுத்துக்கொண்டாலும் மூன்று சுருள்களில் ஒன்றின் அழுத்தம் மற்ற இரண்டையும்விட உயர்ந்திருக்கும், ஒன்று எல்லாவற்றையும்விடத் தாழ்ந்திருக்கும். உயர்ந்ததன் மேல் டயோட் திறந்து மின்னோட்டத்தை பெட்டரிக்கு அனுப்பும். தாழ்ந்ததன் கீழ் டயோட் திறந்து, உடல் வழியாகத் திரும்பி வருவதை உள்ளே எடுத்துக்கொள்ளும். மற்ற நான்கும் அடைத்தபடி இருக்கும். ரோட்டர் கொஞ்சம் நகர்ந்ததும் உயர்ந்தது வேறொன்றாகிவிடும், உடனே வேறு சோடி டயோட் திறக்கும். யாரும் சுவிட்ச் போடத் தேவையில்லை, அழுத்தமே வழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது.

ஏன் மூன்று தொகுதி? ஒரே ஒரு சுருள் இருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையில் வெளியே வருவது பூச்சியத்துக்கு இறங்கி இறங்கி ஏறும். மூன்று இருக்கும்போது ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது ஏறி வந்துவிடும். அதனால் வெளியே வருவது உச்சத்திலிருந்து ஏறத்தாழ 13 வீதத்துக்கு மேல் கீழே இறங்காது. அந்தச் சிறிய அலையையும் பெட்டரி உள்வாங்கிச் சமப்படுத்திவிடும்.

டயோட்கள் இன்னொரு உதவியும் செய்கின்றன. எஞ்சின் நின்றபின் பெட்டரியின் மின்சாரம் அல்டர்னேட்டர் சுருள்களுக்குள் திரும்பி ஓடி வீணாகாமல் தடுப்பதும் அவைதான். பழைய காலத்து டைனமோவில் இதற்கென்றே தனியாக ஒரு கட்அவுட் சுவிட்ச் வைக்க வேண்டியிருந்தது. 1960களில் சிலிக்கன் டயோட் மலிவான பிறகுதான் அல்டர்னேட்டர் டைனமோவின் இடத்தைப் பிடித்தது.

டயோட் திறந்திருக்கும்போதும் அதில் ஒரு வோல்ட் அளவுக்கு இழப்பு உண்டு. எப்போதும் இரண்டு டயோட் வழியாகத்தான் ஓட்டம் போகிறது, அதனால் 50 அம்பியர் ஓடினால் 100 வாட் அளவுக்கு வெறும் வெப்பமாகவே போகும். அல்டர்னேட்டரில் காற்றாடி வைத்திருப்பதற்கும், கூட்டில் அத்தனை ஜன்னல் இருப்பதற்கும் இது ஒரு முக்கிய காரணம். அந்த ஜன்னல்களைச் சேறு அடைத்துவிட்டால் முதலில் வெந்துபோவது டயோட்தான். மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுகிற வாகனங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரெகுலேட்டர் பிடிப்பது காந்தத்தை

சரி, திசை நேராகிவிட்டது. அளவு?

ரோட்டர் 1500 சுற்றில் 14 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் வலிமை மாறாமல் இருந்து, எதுவும் அதில் இணைக்கப்படாமலும் இருந்தால், 7500 சுற்றில் 70 வோல்ட் வரும். பெட்டரி கொதித்து நீர் வற்றும், பல்ப் எல்லாம் எரிந்துபோகும். கதியைக் கட்டுப்படுத்த வழியில்லை. மீதி இருப்பது காந்தத்தின் வலிமை மட்டும். ரெகுலேட்டர் கைவைப்பது அதில்தான்.

இந்த இடத்தில்தான் பலருக்குக் குழப்பம் வருகிறது. அல்டர்னேட்டர் நிறைய மின்சாரத்தைச் செய்துவிடும், மிஞ்சியதை ரெகுலேட்டர் தடுத்து வீசிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளியே போகிற 40, 50 அம்பியர் ஓட்டத்தை ரெகுலேட்டர் தொடுவதே இல்லை. கார்பன் வழியாக ரோட்டர் சுருளுக்குப் போகிற சின்ன ஓட்டத்தை மட்டும்தான் அது ஆள்கிறது. அந்த ஓட்டம் அதிகபட்சமே நான்கு அம்பியர் அளவுதான். காந்தம் பலவீனமானால் மின்சாரம் பிறப்பதே குறையும். எஞ்சினுக்கும் அந்த அளவு சுமை குறையும்.

ரெகுலேட்டர் வோல்ட்டளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வைத்த எல்லையைத் தாண்டியதும், அது பொதுவாக 14.2, 14.4 அளவில் இருக்கும், ரோட்டருக்குப் போகிற ஓட்டத்தைத் துண்டிக்கும். எல்லைக்குக் கீழே இறங்கியதும் திரும்ப விடும். இது ஒரு செக்கனுக்குள் பல தடவை நடக்கிற வேலை. ரோட்டர் சுருளுக்கு ஒரு குணம் உண்டு: அதில் ஓடுகிற மின்னோட்டம் திடீரென்று ஏறவும் மாட்டாது, திடீரென்று இறங்கவும் மாட்டாது. அதனால் விட்டு விட்டுக் கொடுத்தாலும் காந்தம் துடிக்காமல் ஒரு நடுத்தர வலிமையில் நிற்கும். அதிக நேரம் திறந்து வைத்தால் வலிமை கூடும், அதிக நேரம் மூடி வைத்தால் குறையும்.

றம்பொடைப் பள்ளத்தில் எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது ரெகுலேட்டர் பெரும்பாலான நேரம் மூடியே இருக்கும். ரோட்டருக்குக் கொஞ்சம் ஓட்டம் போனாலே போதும். ஏற்றத்தில் இரண்டாம் கியரிலும் அதே நிலைதான். எஞ்சின் கஷ்டப்படுவது போலத் தெரிந்தாலும் சுழலும் கதி நன்றாக இருப்பதால் அல்டர்னேட்டருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மேடு ஏறினால் பெட்டரி இறங்கும் என்ற பயம் தேவையற்றது.

பயப்பட வேண்டிய இடம் வேறு. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குள் நுழையும் வாகன வரிசையில், மாலை மூடுபனிக்குள் நிற்கிறீர்கள். முன்விளக்கு இரண்டும் சேர்ந்து 110 வாட். பின்விளக்கும் டாஷ்போர்டும் 40. வைப்பர் 60. கண்ணாடி புகையாமல் இருக்க ஊதுகிற புளோவர் 140. பின்கண்ணாடி சூடாக்கி 150. எஞ்சினின் சொந்தத் தேவை, அதாவது எரிபொருள் பம்பும் இக்னிஷனும், இன்னொரு 150. மொத்தம் 650 வாட். இதை 14 வோல்ட்டால் வகுத்தால் 46 அம்பியருக்கு மேல்.

மேலே 70 அம்பியர் என்று எழுதியிருக்கும் அல்டர்னேட்டர் அந்த 70ஐத் தருவது ரோட்டர் நல்ல வேகத்தில் சுழலும்போதுதான். 1875 சுற்றில் 35 அம்பியர் தந்தால் அதுவே பெரிது. ரெகுலேட்டர் முழுமையாகத் திறந்தேதான் இருக்கும், ரோட்டரில் காந்தம் அதன் உச்சத்தில் நிற்கும், அதற்குமேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. குறைகிற 11 அம்பியரும் பெட்டரியிலிருந்து போகும். அரை மணி நேரம் நின்றால் ஐந்தரை அம்பியர்-மணி. 40 அம்பியர்-மணி பெட்டரி நல்ல நிலையில் இருந்தால் இது தாங்கக்கூடிய கடன்தான், வண்டி நகர ஆரம்பித்ததும் திருப்பிக் கட்டிவிடும். பெட்டரி பழசாக இருந்தால் விளக்கு மங்கி, வைப்பர் சோர்ந்து போகிறதை நீங்களே பார்க்கலாம். பின்கண்ணாடி சூடாக்கியை நிறுத்தினால் மட்டுமே குறை 11 அம்பியரிலிருந்து பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

முதல் காந்தம் எங்கிருந்து வருகிறது?

ரோட்டர் காந்தமாக இருக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் பிறக்க ரோட்டர் காந்தமாக இருக்க வேண்டும். தொடங்குவது எப்படி?

பெட்டரிதான் முதல் ஓட்டத்தைக் கொடுக்கிறது. பல பழைய வாகனங்களில் அது சாவியைத் திருப்பியதும் எரிகிற சிவப்புச் சார்ஜ் விளக்கு வழியாகவே ரோட்டருக்குப் போகும். எஞ்சின் ஓட ஆரம்பித்து மின்சாரம் பிறந்ததும், விளக்கின் இரண்டு பக்கத்திலும் ஒரே வோல்ட்டளவு வந்துவிடும். ஓட்டம் நின்று விளக்கு அணையும். அதன்பின் ரோட்டருக்கு வேண்டியதை அல்டர்னேட்டரே தன் உற்பத்தியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இத்தகைய வண்டியில் அந்த விளக்கின் பல்ப் எரிந்துபோனால், எஞ்சினை ஒருதடவை நன்றாக வேகப்படுத்தும் வரை சார்ஜ் தொடங்காமல் இருக்கலாம். சாவியைத் திருப்பும்போது சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

நம் ஊர்களில் பெட்டரி இறங்கினால் சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவது வழக்கம். பெட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் இது நடக்கும், ஸ்டார்டருக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான அம்பியர் மிச்சமாகிவிடுகிறது. பெட்டரி முற்றாகச் செத்திருந்தால், உருட்டுகிற வேகத்தில் ரோட்டருக்குப் போதிய முதல் காந்தம் கிடைப்பது அரிது. எரிபொருளை மின்னணுவியலால் செலுத்தும் எஞ்சின் என்றால் அதற்கும் மின்சாரம் இல்லை. அப்போது இன்னொரு வண்டியின் பெட்டரியில் வயர் கொடுப்பதுதான் வழி.

ஒரு டயோட் போனால்

இனி, கண்டுபிடிக்கக் கடினமான ஒரு பழுதைப் பார்ப்போம். ஆறில் ஒரு டயோட் அறுந்துவிட்டது, அதாவது எந்தத் திசையிலும் திறக்கவில்லை. பெட்டரி முனைகளில் மீற்றரை வைத்தால் 14.1 காட்டும். பார்ப்பவர் அல்டர்னேட்டர் நல்லது என்று சொல்லிவிட்டு புதுப் பெட்டரி வாங்கச் சொல்வார். அதுவும் சில மாதத்தில் சோர்ந்துவிடும்.

காரணம் ரெகுலேட்டர்தான். ஒரு டயோட் இல்லாததால் சராசரி குறைந்ததும், அது ரோட்டருக்குக் கூடுதல் ஓட்டம் கொடுத்து குறையை மறைத்துவிடுகிறது. சுமை இல்லாதபோது அதற்கு அந்த வசதி உண்டு. ஆகவே சுமையோடு பார்க்க வேண்டும். முன்விளக்கு, புளோவர், பின்கண்ணாடி சூடாக்கி எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினை 2000 சுற்றில் பிடியுங்கள். நல்ல அல்டர்னேட்டர் அப்போதும் 13.8க்குக் கீழே எளிதில் இறங்காது. 13க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம், ஆனால் பெல்ட் தளர்ந்திருந்தாலும் இதே மாதிரி இறங்கும். முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.

பெல்ட் சரி என்றால் மீற்றரை அதே முனைகளில் வைத்தபடி ஆடலோட்ட அளவைக்கு மாற்றுங்கள். நல்ல அல்டர்னேட்டரில் ஒரு வோல்ட்டின் சிறு பகுதிதான் காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோட் கோளாறு என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம், ஏனென்றால் ஒரு அலையின் இடத்தில் பள்ளம் விழுகிறது. மலிவான மீற்றர் சிலவற்றில் ஒரு சிக்கல் உண்டு. அவை ஆடலோட்ட அளவையிலும் நேரோட்டத்தை உள்ளே விட்டு 25, 30 என்று காட்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருதடவை பாருங்கள். அப்போது பூச்சியம் காட்டாத மீற்றர் இந்தச் சோதனைக்கு உதவாது. ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிற ஒரு கீச்சொலி கேட்டாலும், சார்ஜ் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தாலும், அவையும் இதே பழுதைச் சுட்டும்.

டயோட் அறுவதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் திறந்தே போய்விட்டால் நிலைமை வேறு. ஓடும்போது சுருள்களுக்கிடையே ஓட்டம் வீணாகச் சுற்றி, அல்டர்னேட்டர் உறுமும், மிகச் சூடாகும். நேர் முனைப் பக்க டயோட் அப்படிப் போனால், ரோட்டருக்கென்று தனியாக மூன்று சிறிய டயோட் வைத்த வகைகளில், இரவு முழுவதும் பெட்டரியின் மின்சாரம் அந்தச் சிறிய டயோட்கள் வழியாக ரோட்டருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் எஞ்சின் பனிபோலக் குளிர்ந்திருக்கும்போது அல்டர்னேட்டரை மட்டும் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால் வேறு சோதனை தேவையில்லை.

ஒன்றை மட்டும் எந்தக் கராஜிலும் செய்ய விடாதீர்கள். அல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பெட்டரி வயரைக் கழற்றுவது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. பெட்டரிக்குப் போய்க்கொண்டிருந்த ஓட்டம் அந்தக் கணத்தில் போக இடமின்றி நிற்கும். ரெகுலேட்டர் ரோட்டரைத் துண்டித்தாலும், நாம் பார்த்தபடி ரோட்டரின் காந்தம் உடனே இறங்காது. அது இறங்கும் வரைக்கும், ஒரு செக்கனில் சிறு பகுதிதான், வோல்ட்டளவு பல பத்துக்கு எகிறும். டயோட்களும், ரெகுலேட்டரும், எஞ்சின் கணினியும் அந்த நேரத்துக்குள் போய்விடலாம். மீற்றர் இல்லாவிட்டால், எஞ்சினை வேகப்படுத்தும்போது முன்விளக்கு பிரகாசமாகிறதா என்று சுவரில் அடித்துப் பார்க்கலாம். கொஞ்சம் பிரகாசமாகி அதோடு நின்றுவிட்டால் நல்லது. மாறாமல் மங்கியே இருந்தால் சார்ஜ் வரவில்லை. வேகம் கூடக் கூட ஒளியும் கூடிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் பிடியை விட்டுவிட்டது. அப்படியென்றால் பெட்டரி கொதிப்பதற்குள் எஞ்சினை நிறுத்துங்கள்.